ஆஃபர் லெட்டரோடு டெபாசிட்டும் கேட்கிறார்கள்

*கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். வேலை போய் 4 மாதம் ஆகிறது. போன வாரம் ஒரு பெரிய நிறுவனத்தின் ஹெச்.ஆர். என்று சொல்லி ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்தார். சாட்டிலேயே இன்டர்வியூ, மறுநாளே ஆஃபர் லெட்டர். வீட்டிலிருந்தே வேலை. லேப்டாப் அனுப்புவதற்கு டெபாசிட் கட்ட வேண்டுமாம், முதல் சம்பளத்தோடு திருப்பித் தந்துவிடுவார்களாம். அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். இப்போது அட்டையைக் கையில் பிடித்தபடி ஒரு செல்ஃபி, வங்கி விவரம், டெபாசிட் எல்லாம் இன்று இரவுக்குள் வேண்டும் என்கிறார். நிறுவனம் நிஜமானதுதான். அவர் பெயரில் லிங்க்ட்இன் பக்கமும் இருக்கிறது. நம்பலாமா?*
*– ஒரு வாசகி*

அன்புள்ள வாசகிக்கு,

பணம் கட்டாதீர்கள். செல்ஃபியும் அனுப்பாதீர்கள். இன்று இரவு என்ற கெடு தன்பாட்டுக்குத் தாண்டிப் போகட்டும். நான் ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவள். ஒரு காலியிடத்துக்கு விண்ணப்பங்களைப் பார்த்து, ஆளைத் தேர்ந்தெடுத்து, மேலே ஒப்புதல் வாங்கி, சம்பளம் பேசி முடிப்பதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். அத்தனை பாடுபட்டுப் பிடித்த ஆளை ஒரு ராத்திரி தாமதமானதற்காக எந்த ஹெச்.ஆரும் கைவிட மாட்டார். வேலை நிஜமாக இருந்தால் நாளைக்கும் இருக்கும்.

இந்த மாதிரிச் செய்திகளில் எழுத்துப் பிழையைத் தேடச் சொல்பவர்கள் உண்டு. அதை நம்பி உட்காராதீர்கள். இப்போதெல்லாம் மோசடிக்காரர்கள் அனுப்பும் கடிதங்கள் நாங்கள் அனுப்புவதைவிட அழகாக இருக்கின்றன. லோகோ, கையெழுத்து, முத்திரை எல்லாம் கச்சிதமாக இருக்கும். நான் பார்ப்பது வேறு இரண்டு விஷயங்கள்: பணம் எந்தப் பக்கம் போகிறது, எந்த ஆவணத்தை எந்தக் கட்டத்தில் கேட்கிறார்கள். கடிதத்தை எப்படி வேண்டுமானாலும் அலங்கரிக்கலாம். இந்த இரண்டை மட்டும் அவர்களால் மறைக்க முடியாது, ஏனென்றால் அவர்கள் வந்ததே அதற்காகத்தான்.

முதலில் பணம். நீங்கள் கணக்குப் பிரிவில் இருந்தவர் என்பதால் உங்களிடம் இதைக் கணக்கர் பாஷையிலேயே பேசலாம். லேப்டாப் நிறுவனத்தின் சொத்து. சேரும்போது கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள், விலகும்போது திரும்ப வாங்குவார்கள். திருப்பித் தராதவர்களிடம் கடைசி செட்டில்மென்டில் பேச்சு வரும். இதில் டெபாசிட்டுக்கு இடமே இல்லை. சரி, ஒரு வாதத்துக்கு வாங்குகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தொகை நிறுவனத்தின் புத்தகத்தில் உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய கடனாக ஏற வேண்டும், ரசீது வர வேண்டும், நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கே பணம் போக வேண்டும். அவர் உங்களுக்குக் கொடுத்த கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு தனிநபர் பெயராக இருக்கும். கேட்டால் "இவர் எங்கள் ஃபைனான்ஸ் மேனேஜர்", "இது எங்கள் லேப்டாப் வெண்டர்" என்று பதில் வரும். இவ்வளவு பெரிய நிறுவனம் ஏன் இன்னொருவர் கணக்கில் வசூல் செய்கிறது என்ற கேள்வியை வேலையில் இருந்தபோது நீங்களே எழுப்பியிருப்பீர்கள்.

"திருப்பித் தரப்படும்" என்ற சொல்தான் இங்கே தூண்டில். கட்டணம் என்றால் யோசிப்போம், டெபாசிட் என்றால் நம் பணம் நம்மிடமே இருப்பதாகத் தோன்றும். ஒருவருக்குப் பதிவுக் கட்டணம், இன்னொருவருக்குப் பயிற்சிக் கட்டணம், மற்றொருவருக்குப் பின்னணிச் சரிபார்ப்பு, யூனிஃபார்ம், விசா என்று பெயர் மாறும். ஒன்றைக் கட்டியதும் கதை முடியாது, "சிஸ்டத்தில் பிழை, இன்னும் ஒரு தொகை கட்டினால் இரண்டும் சேர்ந்து திரும்பும்" என்று அடுத்தது வரும். முதல் தொகையை விட மனமில்லாமல்தான் பலர் இரண்டாவதைக் கட்டுகிறார்கள்.

வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவது வெறும் நாகரிகக் குறைவு மட்டுமல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-இல் கொண்டுவந்த 181-ஆம் எண் ஒப்பந்தத்தின் 7-ஆவது பிரிவு, தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் தொழிலாளர்களிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ, முழுதாகவோ பகுதியாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. சில வகைகளுக்கு விலக்கு தர நாடுகளுக்கு அதில் இடமும் இருக்கிறது, எல்லா நாடுகளும் அந்த ஒப்பந்தத்தை ஏற்கவும் இல்லை. ஆனாலும் ஆள் தேடித் தருவதற்கான செலவை ஆளைக் கேட்டவர்தான் ஏற்க வேண்டும் என்பதே இந்தத் தொழிலில் ஒழுங்காக நடப்பவர்களின் வழக்கம். எனக்குத் தெரிந்த நல்ல ஏஜென்சிகள் நிறுவனத்திடம்தான் பில் போடுகின்றன.

நேர்மையான வேலையிலும் உங்கள் கையிலிருந்து காசு போகும் இடங்கள் உண்டு. சான்றிதழை அட்டஸ்ட் செய்ய, மருத்துவப் பரிசோதனைக்கு, நன்னடத்தைச் சான்றுக்கு என்று செலவாகலாம். வித்தியாசம், அந்தப் பணத்தை நீங்களே அந்த அலுவலகத்திலோ பரிசோதனைக் கூடத்திலோ நேராகக் கட்டி ரசீது வாங்குவீர்கள். ரெக்ரூட்டர் வழியாகப் போகாது. "நீங்கள் அலைய வேண்டாம், என்னிடம் அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

இதே வித்தை தலைகீழாகவும் வரும். அவர்களே உங்களுக்குக் காசோலை அனுப்பி, "கணக்கில் போட்டு, நாங்கள் சொல்லும் கடைக்கு லேப்டாப் பணத்தை அனுப்பிவிடுங்கள்" என்பார்கள். காசோலைத் தொகை கணக்கில் ஏறியதாகத் தெரியும். நீங்கள் பணம் அனுப்பிய சில நாள் கழித்து அது போலிக் காசோலை என்று வங்கி திருப்பிவிடும். அனுப்பிய பணம் உங்கள் தலையில் விழும்.

அடுத்தது ஆவணங்கள். இதில்தான் நல்ல படிப்பாளிகளும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் நிஜ நிறுவனமும் அடையாள அட்டை கேட்கும், வங்கி எண் கேட்கும். எதைக் கேட்கிறார்கள் என்பதைவிட எப்போது கேட்கிறார்கள் என்று பாருங்கள். விண்ணப்பிக்கும்போது எங்களுக்குத் தேவை உங்கள் சுயவிவரமும் தொடர்பு எண்ணும்தான். நேர்காணல் கட்டத்தில் படிப்பு, அனுபவம் பற்றிய கேள்விகள் வரும். அலுவலகத்துக்கு வரச் சொன்னால் வாசலில் காட்ட ஓர் அடையாள அட்டை வேண்டியிருக்கலாம். ஆஃபர் கொடுத்து, நீங்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் அட்டை நகல், பழைய வேலையின் கடிதங்கள், பின்னணிச் சரிபார்ப்புக்கான ஒப்புதல் எல்லாம். வங்கிக் கணக்கு எண் அதற்கும் பிறகு, பெரும்பாலும் சேரும் சமயத்தில், சம்பளப் பட்டியலில் ஏற்றுவதற்காக. சம்பளம் போடக் கணக்கு எண்ணும் கிளையின் அடையாளமும் போதும். அவற்றையும் வாட்ஸ்அப்பில் வாங்குவதில்லை, நிறுவனத்தின் போர்ட்டலில் உள்நுழைந்து நீங்களே பதிவேற்றுவீர்கள்.

உங்கள் விஷயத்தில் வரிசை கெட்டிருப்பது இங்கேதான் தெரிகிறது. ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது, ஆகவே ஆவணம் கேட்பது நியாயம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் அந்த ஆஃபருக்கு முன்னால் நடந்தது என்ன? ஒரு மனிதரின் முகத்தையும் நீங்கள் பார்க்கவில்லை, குரலையும் கேட்கவில்லை. கணக்கு வேலைக்கு ஆள் எடுப்பவர் உங்களிடம் ஒரு வங்கிச் சரிகட்டலைப் பற்றிக்கூடக் கேட்காமல் மறுநாளே லெட்டர் கொடுக்கிறார் என்றால், அவர் தேர்வு செய்தது உங்கள் திறமையை அல்ல. ஆவணம் கேட்பதற்கு ஒரு சாக்கு வேண்டும், ஆஃபர் லெட்டர் அந்தச் சாக்கு.

எந்தக் கட்டத்திலும் ஒரு ரெக்ரூட்டருக்குத் தேவைப்படாதவையும் சில இருக்கின்றன. கார்டின் பின்பக்க 3 இலக்க எண், பின் நம்பர், நெட்பேங்கிங் கடவுச்சொல், போனுக்கு வரும் ஓ.டி.பி. ஓ.டி.பி.யைப் பெரும்பாலும் நைச்சியமாகத்தான் கேட்பார்கள்: "உங்கள் விண்ணப்பத்தை உறுதிசெய்ய 6 இலக்க எண் வரும், சொல்லுங்கள்." அந்த எண், உங்கள் வாட்ஸ்அப் கணக்கை அவர் போனில் பதிவு செய்வதற்கானதாக இருக்கலாம். சொன்ன கையோடு கணக்கு அவர் கைக்குப் போய்விடும், பிறகு உங்கள் பெயரில் உங்கள் சொந்தக்காரர்களிடம் கடன் கேட்பார். திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வதும் இதே ரகம்தான். அசல் சான்றிதழையோ அசல் பாஸ்போர்ட்டையோ அனுப்பிவைக்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். நிஜ நிறுவனம் அசலை உங்கள் முன்னால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்.

அட்டையைக் கையில் பிடித்த செல்ஃபிதான் உங்களிடம் கேட்டவற்றில் ஆபத்தானது. பணத்தைவிட ஆபத்தானது என்று சொல்வேன். இணையத்தில் கணக்கு திறக்கும்போதும் கடன் வாங்கும்போதும் பல நிதிச் சேவைகள் "நீங்கள்தான் அந்த ஆள்" என்று உறுதிசெய்யக் கேட்பது அந்த மாதிரிப் படத்தைத்தான். அட்டையின் நகல் மட்டும் இருந்தால் அரைச் சாவி, செல்ஃபியும் சேர்ந்தால் முழுச் சாவி. அதோடு வங்கி விவரமும் போய்விட்டால், உங்கள் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, அடுத்தவரிடம் ஏமாற்றிய பணத்தை அதன் வழியாகக் கடத்தவும் முடியும். அப்போது போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவை. டெபாசிட் போனால் அந்தத் தொகையோடு போயிற்று. இது பல மாதம் கழித்தும் வந்து நிற்கும்.

இனி, "நிறுவனம் நிஜம், லிங்க்ட்இன் பக்கமும் இருக்கிறது" என்பதற்கு வருகிறேன். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். இல்லாத நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால்தான் இருக்கிற நிறுவனத்தின் பெயரையும், அங்கே நிஜமாக வேலை பார்க்கும் ஹெச்.ஆர். ஒருவரின் பெயரையும் படத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்து நீங்கள் உறுதிசெய்துகொண்டது அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதை மட்டுமே. உங்களிடம் வாட்ஸ்அப்பில் பேசுபவர் அவர்தான் என்பதற்கு அது சாட்சி ஆகாது. பக்கமே போலியாகவும் இருக்கலாம். லிங்க்ட்இனில் ஒருவர் பக்கத்துக்குப் போய் `About this profile` என்பதைத் திறந்தால் கணக்கு எப்போது தொடங்கப்பட்டது என்று தெரியும். பல வருட அனுபவம் எழுதியிருக்கும் பக்கம் போன மாதம் பிறந்திருந்தால் அதுவே பதில்.

ஆஃபர் லெட்டர் மின்னஞ்சலில் வந்திருந்தால், அனுப்பியவர் பெயரைப் பார்க்காதீர்கள், அதை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். முழு முகவரியைத் திறந்து, `@` குறிக்குப் பின்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். நிறுவனத்தின் இணையதளம் `company.example` என்று வைத்துக்கொண்டால்:

```
hr@careers.company.example   (நிறுவனத்தின் டொமைன்)
hr@company-careers.example   (வேறு யாருடையதோ)
```

முதலாவதில் கடைசிப் பகுதி `company.example` தான், `careers` என்பது அதற்குள் அடங்கிய ஒரு பிரிவு. இரண்டாவதில் புள்ளிக்குப் பதில் ஒரு கோடு. அந்தக் கோட்டால் அது முற்றிலும் வேறொரு முகவரி ஆகிவிட்டது, பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். அப்படி ஒரு முகவரி கிடைத்தால் `lookup.icann.org` என்ற தளத்தில் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைத்திருக்கும், ஆனால் பதிவு செய்த தேதி பொதுவாகத் தெரியும். பல்லாண்டு கால நிறுவனத்தின் "வேலைவாய்ப்பு" முகவரி 3 வாரத்துக்கு முன் பதிவானது என்றால் மேற்கொண்டு ஆராய ஒன்றுமில்லை. ஜிமெயிலில் `Show original` திறந்து அனுப்பிய முகவரியைச் சோதிக்கும் SPF, DKIM என்ற சரிபார்ப்புகள் எல்லாம் `PASS` என்று இருப்பதைக் கண்டு சிலர் நிம்மதி அடைகிறார்கள். அந்த மின்னஞ்சல் அந்த முகவரியிலிருந்துதான் வந்தது என்பதற்குமேல் அது எதுவும் சொல்லாது. போலி முகவரிக்குச் சொந்தக்காரர் அனுப்பினாலும் `PASS` தான் வரும்.

முகவரி பொருந்தவில்லை என்பது மட்டுமே மோசடிக்கு ஆதாரமும் ஆகாது. நிறைய நிறுவனங்கள் ஆள் எடுப்பதை வெளி மென்பொருள் வழியாகச் செய்கின்றன. `myworkday.com` போன்ற முகவரியிலிருந்து வரும் நிஜமான அழைப்புகள் ஏராளம். ஏஜென்சிகளுக்கும் சொந்த முகவரி இருக்கும். அதனால் முகவரியைப் பார்த்துச் சந்தேகப்படலாமே தவிர, தீர்ப்பை நிறுவனத்திடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

எப்படிக் கேட்பது? அவர் அனுப்பிய இணைப்பைத் தொடாமல், நீங்களாகவே நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போங்கள். வேலைவாய்ப்புப் பக்கத்தில் உங்களுக்குச் சொன்ன பதவி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் அத்தோடு முடிவு கட்ட வேண்டாம், வெளியிடாத இடங்களும் உண்டு. அப்புறம் அந்தத் தளத்தில் இருக்கும் பொது எண்ணுக்கு நீங்களே போன் செய்து ஹெச்.ஆர். பிரிவைக் கேளுங்கள். "இந்தப் பெயரில் ஒருவர் உங்களிடம் வேலை செய்கிறாரா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். ஆமாம் என்றுதான் பதில் வரும், நீங்களும் ஏமாந்து போவீர்கள். "இந்தத் தேதியிட்ட, இந்தப் பதவிக்கான ஆஃபர் லெட்டர் என் பெயரில் உங்களிடமிருந்து வந்ததா? லேப்டாப்புக்கு டெபாசிட் வாங்குகிறீர்களா?" என்று கேளுங்கள். லெட்டரின் நகலையும் அவர்களுடைய பொது மின்னஞ்சலுக்கு அனுப்பலாம். தங்கள் பெயர் இப்படித் திரிவது தெரிந்தால் அவர்களும் நன்றிதான் சொல்வார்கள்.

வாட்ஸ்அப்காரரிடமும் ஒரே ஒரு செய்தி போடுங்கள்: "நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள், ஒரு வீடியோ காலில் பேசுவோம், ஆவணங்களைப் போர்ட்டலில் தருகிறேன், டெபாசிட்டை சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்." நிஜமான ஹெச்.ஆருக்கு இதில் எதுவும் கஷ்டமில்லை. மற்றவர் கோபப்படுவார், அல்லது "வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன்" என்பார். ஆஃபரில் கையெழுத்துப் போட்டுவிட்டதால் வழக்குப் போடுவேன் என்று மிரட்டுபவர்களும் உண்டு. அதற்குப் பதில் எழுதி வாக்குவாதம் செய்யத் தேவையில்லை.

ஏற்கெனவே போய்விட்ட அட்டை நகலைத் திரும்ப வாங்க முடியாது, ஆனால் அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதைச் சுருக்கலாம். முதலில் சாட்டை அழிக்காதீர்கள். அவர் எண், அனுப்பிய கணக்கு விவரம், லெட்டர், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி தெரியும்படி வையுங்கள், அதன் பிறகு பிளாக் செய்யுங்கள். இன்றே வங்கிக்கு, உங்கள் அடையாள அட்டை நகல் வெளியே போய்விட்டது, கணக்கைக் கவனியுங்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள். சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்து அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பணம் போகவில்லையே, புகார் எதற்கு என்று தோன்றலாம். நாளைக்கு உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கினால், இந்தத் தேதியிலேயே நான் சொல்லிவிட்டேன் என்று காட்ட அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும். உங்கள் நாட்டில் கடன் தகவல் நிறுவனம் இருந்தால், அதன் அறிக்கையை அடுத்த சில மாதங்களுக்கு அவ்வப்போது எடுத்துப் பாருங்கள், நீங்கள் வாங்காத கடனோ, யாரோ கேட்ட விசாரணையோ அதில்தான் முதலில் தெரியும். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இப்போதே போட்டுவிடுங்கள்.

இனிமேல் எந்த நிஜ நிறுவனத்துக்கு நகல் கொடுத்தாலும், எழுத்துகளை மறைக்காமல் படத்தின் குறுக்கே "இன்ன நிறுவனத்தின் பணிச் சரிபார்ப்புக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். திருட்டைத் தடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன், வேறு இடத்தில் காட்டுவதைச் சங்கடமாக்கும்.

இன்னும் சில நாளில் உங்களுக்கு வேறொரு அழைப்பும் வரலாம். "உங்களை ஏமாற்றியவரைப் பிடித்துவிட்டோம், உங்கள் விவரங்களை நீக்கித் தருகிறோம், ஒரு சிறு கட்டணம் மட்டும்" என்பார்கள். உங்கள் எண்ணை முதல் ஆளிடமிருந்து வாங்கியவர்களாகவோ, சில சமயம் அதே ஆளாகவோ இருப்பார்கள். புகார் எண்ணை அவர்களிடம் சொல்லாதீர்கள். புகார் கொடுத்த இடத்துக்கு நீங்களே போன் செய்து, அப்படி யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.